ஏழரைக் கோடிப் படமும் இரண்டு வட்டியும்

கேள்வி: சாலிகிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஏழரைக் கோடி ரூபாயில் படம் எடுக்கிறார். என்னை ஒரு கோடி போடச் சொல்கிறார். "மொத்த வரவு 8.9 கோடி, படம் வெளியான இரண்டே மாதத்தில் பணம் திரும்பிவிடும், 18 சதவீதத்துக்கு மேல் லாபம்" என்கிறார். நான் அம்பத்தூரில் சிறு தொழிற்சாலை நடத்துகிறவன். இந்தக் கணக்கு சரியா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

உங்கள் நண்பரின் கூட்டல் சரியாகவே இருக்கலாம். அவர் விட்டுவிட்டது தேதிகளை. இரண்டு மாதம் என்பது படம் வெளியாகும் வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணியது. உங்கள் ஒரு கோடி வங்கியிலிருந்து கிளம்பப்போவது அதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பு. சினிமாவில் பணம் வரும்போது வேகமாக வரும், வேகமாகவே வற்றியும் போகும். அந்த வேகத்தைக் காட்டித்தான் முன்னால் இருக்கும் நீண்ட காத்திருப்பை மறக்கச் செய்கிறார்கள். படத் தயாரிப்பு நிறுவனங்களின் கணக்குகளை நெடுநாளாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். இந்த அளவுப் படத்துக்குப் பொருந்தக்கூடிய எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பட்ஜெட் தாளின் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

முதலில் செலவு. பூஜை போடும் மாதத்தில் நடிகர்களுக்கும் இயக்குநருக்கும் முன்பணமாக 1 கோடி போகிறது. மூன்றாவது மாதம் முதல்கட்டப் படப்பிடிப்புக்கு 3 கோடி. ஆறாவது மாதம் மீதிப் படப்பிடிப்புக்கு 1 கோடி. ஒன்பதாவது மாதம் டப்பிங், இசைச் சேர்ப்பு, கிராபிக்ஸ் வேலைகளுக்கு 1 கோடி. பன்னிரண்டாவது மாதம் வெளியீடு; அப்போது விளம்பரத்துக்கும் வெளியீட்டுச் செலவுக்கும் 1.5 கோடி. கூட்டினால் ஏழரைக் கோடி.

கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. தனியார் ஃபைனான்சியரிடம் வாங்க வேண்டும். இங்கே வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் பேசுவதில்லை. "இரண்டு வட்டி" என்பார்கள், மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். சிலருக்கு மூன்று வட்டியும் உண்டு. நாம் இரண்டு வட்டி என்றே வைத்துக்கொள்வோம், வட்டிக்கு வட்டி போட வேண்டாம். சொந்தப் பணமாக இருந்தாலும் இதே அளவுகோலை வையுங்கள். அதே பணத்தை வட்டிக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகை அது. மேலும் உங்கள் பணத்துக்கு ஃபைனான்சியர் பணத்தைவிட ஆபத்து அதிகம் என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

பூஜை மாதத்தில் போன 1 கோடி, பன்னிரண்டு மாத வட்டியோடு வெளியீட்டு நாளில் 1.24 கோடியாக நிற்கிறது. படப்பிடிப்புக்குப் போன 3 கோடி, 3.54 ஆகிறது. அடுத்த இரண்டு கோடிகள் 1.12, 1.06. விளம்பரச் செலவு அன்றைக்குத்தான் போனது, அதனால் அது 1.5 ஆகவே இருக்கிறது. ஆக, வெளியீட்டு நாளில் இந்தப் படத்தின் உண்மையான அடக்கம் 8.46 கோடி. ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே 96 லட்சம் காலத்துக்குப் போய்விட்டது.

இப்போது வரவு. திரையரங்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லா விலைகளும் அதைப் பார்த்துத்தான் நகர்கின்றன. தமிழ்நாட்டில் முதல் வாரம் 6 கோடி வசூல் என்று வைத்துக்கொள்வோம். இது டிக்கெட்டுக்குப் பார்வையாளர் கொடுத்த மொத்தப் பணம், செய்திகளில் வருகிற கிராஸ் எண். நட்சத்திரம் பெரிதாக இல்லாத, ஓரளவு பேசப்படுகிற படத்துக்கு இரண்டாம் வாரம் முதல் வாரத்தில் 45 சதவீதம் நின்றால் நல்லபடியாக ஓடுகிறது என்று பொருள். அதே விகிதம் தொடர்ந்தால் இரண்டாம் வாரம் 2.7 கோடி, மூன்றாம் வாரம் 1.2 கோடி, நான்காம் வாரம் 55 லட்சம். நான்கு வாரம் முடிந்ததும் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, அதோடு திரையரங்குக் கணக்கை மூடிவிடலாம். மொத்தம் சுமார் 10.46 கோடி.

பத்தரைக் கோடி வசூல் என்று சுவரொட்டி அடிப்பார்கள். அதில் தயாரிப்பாளர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நூறும் அதற்குக் கீழும் என்றால் 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம். இதற்கு மேல் உள்ளாட்சி அமைப்புக்கான கேளிக்கை வரி, தமிழ்ப் படத்துக்கு 4 சதவீதம். எல்லாம் போக, நூறு ரூபாய் வசூலில் ஏறக்குறைய 82 ரூபாய் மிஞ்சும். அதுதான் நெட். அந்த நெட்டைத் திரையரங்கும் படக்காரரும் பிரித்துக்கொள்கிறார்கள், பிரிக்கும் விகிதமும் வாரத்துக்கு வாரம் இறங்கும். மல்டிபிளக்ஸ்களுக்கும் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் 2009-இல் நடந்த பெரிய தகராறுக்குப் பிறகு வந்த உடன்பாட்டில் முதல் வாரம் 50, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, பிறகு 30 சதவீதம் என்று படிகள் வைத்தார்கள். தமிழ்நாட்டில் தனித் திரையரங்குகள் முதல் வாரத்தில் இதைவிட அதிகம் கொடுக்கின்றன, படத்தின் பலத்தைப் பொறுத்துப் பேரம். இரண்டையும் கலந்து 55, 50, 45, 40 என்று எடுத்துக்கொள்வோம்.

இப்படிக் கணக்கிட்டால் முதல் வாரப் பங்கு 2.71 கோடி, இரண்டாம் வாரம் 1.11 கோடி, மூன்றாம் வாரம் 45 லட்சம், நான்காம் வாரம் 18 லட்சம். மொத்தம் 4.44 கோடி. விநியோகஸ்தரின் கமிஷன் பத்து சதவீதம் கழித்தால் 4 கோடி. பத்தரைக் கோடி வசூலில் தயாரிப்பாளருக்கு 38 சதவீதம். அதிலும் 86 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. கூட்டம் குறைவதும் பங்கு விகிதம் இறங்குவதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால்தான் இவ்வளவு செங்குத்தான சரிவு. வசூல் தன் 45 சதவீதத்துக்கு இறங்கும்போது பங்கு 41 சதவீதத்துக்கு இறங்குகிறது.

இந்த 4 கோடியும் அன்றன்றைக்கு வருவதில்லை. திரையரங்குகளின் தினசரி வசூல் அறிக்கைகளை விநியோகஸ்தர் சரிபார்த்து, கழிவுகள் பேசி, தொகையை அனுப்பச் சராசரியாக இரண்டு மாதம் ஆகும். அதனால் பதினான்காவது மாதத்தில் வருவதாகக் கொள்கிறேன்.

மற்ற உரிமைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடல் உரிமை 20 லட்சம், பத்தாவது மாதம். இந்தி டப்பிங்கும் வெளிநாட்டு உரிமையும் சேர்த்து 90 லட்சம், வெளியீட்டு நாளில். ஓடிடி 2.5 கோடி, அதில் 1 கோடி படம் தளத்தில் ஏறும்போதும், 1.5 கோடி பதினாறாவது மாதத்திலும். சாட்டிலைட் உரிமை 1 கோடி, பதினெட்டாவது மாதம். பிறகு பல ஆண்டுகள் கழித்து உரிமைகள் மீண்டும் விற்பனையாவதற்கு 30 லட்சம், வெளியீட்டிலிருந்து ஐந்தாண்டு தள்ளி. திரையரங்கின் 4 கோடியோடு கூட்டினால் 8.9 கோடி. நண்பர் சொன்ன அதே எண். ஏழரைக் கோடியைக் கழித்தால் 1.4 கோடி லாபம், 18.7 சதவீதம்.

இதே வரவுகளை அதே இரண்டு வட்டியில் வெளியீட்டு நாளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முறை எளிது: வெளியீட்டுக்குப் பிறகு எத்தனை மாதமோ அத்தனை இரண்டு சதவீதத்தை ஒன்றோடு கூட்டி, தொகையை அதால் வகுக்க வேண்டும். திரையரங்கின் 4 கோடி அன்றைய மதிப்பில் 3.85 கோடி. ஓடிடியின் 2.5 கோடி, 2.37 கோடி. சாட்டிலைட் 1 கோடி, 89 லட்சம். ஐந்தாண்டு தள்ளி வரும் 30 லட்சம் வெறும் 13.6 லட்சம். பாடல் உரிமை முன்பே வந்ததால் கொஞ்சம் ஏறுகிறது. எல்லாம் சேர்த்து 8.35 கோடி. அடக்கம் 8.46 கோடி. தாளில் 1.4 கோடி லாபம் தெரிகிற படம் உண்மையில் 11 லட்சம் நஷ்டம்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். செலவான ஒவ்வொரு ரூபாயும் சராசரியாக வெளியீட்டுக்கு ஆறரை மாதம் முன்பு போகிறது. வரும் ஒவ்வொரு ரூபாயும் சராசரியாக வெளியீட்டுக்கு நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமாகக் கழித்து வருகிறது. ஆக நடுவே பதினொரு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 18.7 சதவீதத்தை அதால் வகுத்தால் மாதத்துக்கு ஒன்றே முக்கால் வட்டி. கடன் வாங்கியதோ இரண்டு வட்டி.

இதில் ஒன்றை நின்று பார்க்க வேண்டும். படம் வெளியாகும் முன் 6 கோடி உள்ளே மாட்டியிருக்கிறது. அதற்கு மாதம் 12 லட்சம் வட்டி. ஐந்தாண்டு தள்ளி வரும் நீண்டகால உரிமைகளின் வெளியீட்டு நாள் மதிப்பு முழுவதும் 13.6 லட்சம். அதாவது வெளியீடு ஐந்து வாரம் தள்ளிப்போனால், படத்தின் "எதிர்காலம்" என்று பெருமையாகச் சொல்லப்படும் அத்தனையும் கரைந்துவிடுகிறது. ஆறு மாதம் தள்ளிப்போனால் 72 லட்சம் கூடுதல் அடக்கம். நஷ்டம் 80 லட்சத்தைத் தாண்டும். கதாநாயகனின் தேதி கிடைக்கவில்லை, கிராபிக்ஸ் முடியவில்லை, பண்டிகை வாரத்தில் பெரிய படம் வருகிறது என்று காரணம் எதுவானாலும் விலை இதுதான். ஒரு திருமண மண்டபத்தைப்போல இதை இன்று விட்டால் அடுத்த முகூர்த்தத்தில் பிடிக்கலாம் என்று நினைக்க முடியாது. மண்டபத்துக்கு வருமானம் ஆண்டாண்டாக வரும், படத்துக்கு ஒரே ஒரு வரிசை வாரங்கள்தான். அதனால் நண்பரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கதையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. யார் யாருடைய கால்ஷீட் எந்தத் தேதி வரை எழுத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது, எந்த எண் தவறினால் எவ்வளவு அடி. முதல் வாரம் 6 கோடிக்குப் பதில் 4 கோடி என்று வைத்துக்கொண்டால் பின்வரும் வாரங்களும் அதே விகிதத்தில் சுருங்கும், வெளியீட்டு நாள் மதிப்பில் 1.28 கோடி போய்விடும். முதல் வாரம் 6 கோடியாகவே இருந்து, இரண்டாம் வாரம் 45 சதவீதத்துக்குப் பதில் 35 சதவீதம்தான் நிற்கிறது என்றால் 45 லட்சம் போகும். 60 சதவீதம் நின்றால் 83 லட்சம் கூடும். அப்போது இந்தப் படம் 72 லட்சம் உண்மையான லாபத்தில் நிற்கும். ஆரம்ப வசூல் நட்சத்திரத்தையும் விளம்பரத்தையும் வெளியீட்டுத் தேதியையும் சார்ந்தது. நிற்பது படத்தை மட்டுமே சார்ந்தது. சின்னப் படங்கள் பிழைப்பது இரண்டாவதால்தான். ஆனால் பட்ஜெட் போடும்போது இரண்டாவதை நம்பிச் செலவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 45 சதவீதத்துக்கு மேல் எழுதிக்கொண்டு வருகிற எந்தத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிற்கிறதா என்று தெரிய இரண்டாம் வாரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை மாலையிலேயே தெரிந்துவிடும். தினசரி வசூல் அறிக்கையில் திரையரங்கு, காட்சி, டிக்கெட் வகை, விற்ற எண்ணிக்கை என்று வரிசையாக இருக்கும். சனி, ஞாயிறு எல்லாப் படத்துக்கும் கூட்டம் வரும், அதைப் பார்த்து மகிழ வேண்டாம். வெள்ளிக்கிழமை வசூலோடு திங்கட்கிழமை வசூலை ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் படம் நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அடுத்த வெள்ளியன்று திரைகள் பறிபோகும். மாலைக் காட்சியைவிட இரவுக் காட்சி எப்படி இருக்கிறது என்பதையும், சென்னை நகரத்தோடு மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்கள் எப்படி நிற்கின்றன என்பதையும் சேர்த்துப் படித்தால் இன்னும் துல்லியம் வரும். விளம்பரத்துக்காக வாங்கிக் கொடுத்த இலவச டிக்கெட்டுகள் வெள்ளிக்கிழமையில் கலந்திருந்தால் இந்த ஒப்பீடு கெட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

திங்கட்கிழமை சரிந்த பிறகு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: இன்னும் 50 லட்சம் போட்டால் விளம்பரத்தை ஏற்றிப் படத்தைத் தூக்கிவிடலாம் என்று. அந்த நேரத்தில் போட்ட ஏழரைக் கோடியை நினைத்து முடிவெடுப்பார்கள். அந்தப் பணம் போனது போனதுதான், இனி எதைச் செய்தாலும் மாறாது. பார்க்க வேண்டியது வரப்போகிற ரூபாயை மட்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு ரூபாய் வசூலானால் வரி, பங்கு, கமிஷன் எல்லாம் போய் தயாரிப்பாளருக்கு 37 பைசா வரும். 50 லட்சம் திரும்பி வர 1.35 கோடி கூடுதல் வசூல் வேண்டும். நன்றாக ஓடினாலே அந்த வாரம் 2.7 கோடிதான். சரிந்துவிட்ட படத்தில் விளம்பரத்தால் மட்டும் கூட்டத்தைப் பாதிக்குப் பாதி ஏற்ற முடியுமா? படம் நிற்கிறது, திரைகள் போதவில்லை என்ற நிலையில் கேட்டால் கொடுக்கலாம். சரிந்த படத்துக்குக் கொடுக்காதீர்கள்.

இதுவரை பார்த்தது படத்தின் கணக்கு. உங்கள் ஒரு கோடியின் கணக்கு வேறு, அதுதான் உங்களுக்கு முக்கியம்.

ஏழரைக் கோடியில் 4 கோடி ஃபைனான்சியருடையது, 3.5 கோடி நண்பரும் நீங்களும் உங்களைப் போன்றவர்களும் போட்டது என்று வைத்துக்கொள்வோம். படப்பிடிப்புக் காலத்தில் எடுத்த அந்த 4 கோடி, வெளியீட்டு நாளில் வட்டியோடு 4.66 கோடி. ஃபைனான்சியர் இதை வெளியீட்டுக்கு முன்பே வாங்கிவிடுவார். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் போட முடியாதபடி லேப் லெட்டர் வாங்கி வைத்திருப்பார்கள். இப்போது நெகட்டிவ் இல்லை, ஆனால் ஒவ்வொரு திரையரங்குக்கும் டிஜிட்டல் சாவி போனால்தான் படம் திரையில் ஓடும். அந்தச் சாவியை நிறுத்தி வைப்பதே இன்றைய பிடி.

வெளியீட்டுக்கு முந்தைய இரவு ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். பதினொரு மணி. நீண்ட மேசையின் ஒருபுறம் ஃபைனான்சியரின் ஆட்கள், மறுபுறம் விநியோகஸ்தர், நடுவே பழைய படத்தின் பாக்கிக்காக வந்து உட்கார்ந்திருக்கும் இன்னொருவர். காலை 9 மணிக் காட்சிக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. திரையரங்கிலிருந்து ஆபரேட்டர்கள் "சாவி வரவில்லை" என்று அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். விநியோகஸ்தர் தன் அட்வான்சை ஏற்றித் தருகிறார், பதிலுக்கு ஒரு ஏரியாவின் பங்கைக் கூடுதலாக எழுதி வாங்குகிறார். தயாரிப்பாளர் விடியற்காலையில் கையெழுத்துப் போடுகிறார். அந்த அறையில் உங்களைப் போன்ற முதலீட்டாளரின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அந்த இரவில் எழுதிக்கொடுக்கப்படும் ஒவ்வொரு வரியும் உங்கள் பங்கிலிருந்து போகிறது.

நம் உதாரணத்தில் வெளியீட்டு நாளில் கையில் இருப்பது பாடல், டப்பிங், வெளிநாட்டு உரிமை சேர்த்து 1.1 கோடி. ஃபைனான்சியருக்கு இன்னும் 3.56 கோடி வேண்டும். அதை விநியோகஸ்தரின் அட்வான்ஸ் கொடுத்து முடிக்கிறது. பிறகு திரையரங்கில் வரும் 4 கோடியில் 3.56 கோடி அந்த அட்வான்சுக்குப் போகிறது. உங்கள் கூட்டத்துக்கு மிஞ்சுவது திரையரங்கின் 44 லட்சம், ஓடிடி, சாட்டிலைட், பின்னாள் 30 லட்சம். மொத்தம் 4.24 கோடி. 3.5 கோடிக்கு 4.24 கோடி என்றால் உங்கள் ஒரு கோடிக்கு 1.21 கோடி. பூஜை நாளில் போட்ட பணம் சராசரியாகப் பத்தொன்பது மாதத்துக்கு மேல் கழித்து வருகிறது. மாதத்துக்கு ஒரு வட்டிக்குச் சற்றே மேல். ஃபைனான்சியர் பெற்றதில் ஏறக்குறைய பாதி, ஆபத்தோ முழுவதும் உங்களுடையது.

முழுவதும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரம் 4 கோடியாகிவிட்டால் தயாரிப்பாளர் பங்கு 1.33 கோடி குறைகிறது. ஃபைனான்சியர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். விநியோகஸ்தர் கொடுத்தது அட்வான்ஸ், எனவே குறைந்த தொகையை ஓடிடி பணத்திலிருந்து கேட்பார். மொத்தப் பள்ளமும் 3.5 கோடி போட்டவர்கள் தலையில். 4.24 கோடி 2.91 கோடியாகிறது, உங்கள் ஒரு கோடி 83 லட்சமாகத் திரும்பும். ஓடிடி நிறுவனம் திரையரங்கு வசூலைப் பார்த்து விலையைக் குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கும் கீழே. ஓடிடி "பேசி முடித்துவிட்டோம்" என்று நண்பர் சொன்னால், கையெழுத்தான ஒப்பந்தத்தில் தவணைத் தேதிகளையும் இந்தக் குறைப்பு நிபந்தனையையும் உங்கள் கண்ணால் படிக்கும்வரை அந்த வரியில் பூஜ்யம் போடுங்கள்.

விநியோகஸ்தர் மினிமம் கேரண்டி முறையில் வாங்கினால் நிலைமை மாறும். 3.4 கோடிக்குக் கேரண்டி கொடுக்கிறார் என்றால் வசூல் குறைந்தாலும் அவர் திரும்பக் கேட்க முடியாது. எதிர்பார்க்கும் மதிப்பில் 45 லட்சத்தை விட்டுக்கொடுத்து, முதல் வாரம் விழுந்தால் வரும் பெரிய அடியிலிருந்து தப்பிக்கிறீர்கள். வெளியீட்டு நாளிலேயே பணம் வருவதால் அந்த 45 லட்சத்தில் இரண்டு மாத வட்டியும் ஏற்கெனவே கழிந்துவிட்டது. கடைசி வரிசையில் நிற்கும் முதலீட்டாளருக்கு இது பெரும்பாலும் நல்ல பேரம். முழு ஆபத்தைத் தாங்கக்கூடிய தயாரிப்பாளருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. உங்கள் விருப்பமும் அவர் விருப்பமும் பிரிகிற இடம் இது என்பதால், கேரண்டி வந்தால் யார் முடிவு செய்வது என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

நீண்டகால உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு. ஆனால் இரண்டு வட்டிக்காரரின் கணக்கில் ஐந்தாண்டு தள்ளி வரும் 30 லட்சம் 13.6 லட்சம்தான், அதற்கப்பால் வருவது இன்னும் சொற்பம். அதனால்தான் நெருக்கடியில் இருக்கும் தயாரிப்பாளர்கள் எல்லாக் காலத்துக்குமான உரிமையைச் சில லட்சத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வட்டிக்கு அது சரியான விலை. ஆண்டுக்குப் பத்து சதவீதத்தில் பணம் கிடைக்கிறவருக்கு அதே 30 லட்சம் 18 லட்சத்துக்கு மேல் பெறும். இந்தப் பின்னாள் வருமானம் எப்போதும் மலிவான பணம் உள்ளவரிடம் போய்ச் சேருகிறது. உங்கள் பணம் கடன் வாங்காத பணம் என்றால், லாபச் சதவீதத்தைக் கூட்டிக் கேட்பதைவிடப் பின்னாள் உரிமைகளில் ஒரு பங்கைக் கேளுங்கள். நண்பருக்கு அதைக் கொடுப்பது வலிக்காது.

வரியிலும் இதே வேகம் தெரியும். 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 9ஏ பிரிவு, நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு படம் வெளியாகியிருந்தால் தயாரிப்புச் செலவு முழுவதையும் அதே ஆண்டில் கழிக்க விட்டது. இயந்திரத்துக்குப்போல ஆண்டாண்டாகத் தேய்மானம் கிடையாது. நிதியாண்டின் கடைசி 90 நாளுக்குள் வெளியானால் அந்த ஆண்டு வந்த தொகை அளவுக்குக் கழித்து, மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஜனவரி நடுவில் வரும் பொங்கல் படங்கள் இந்த இரண்டாவது வகையில் விழும். உங்களுக்கு நேரடியாகப் பெரிய பாதிப்பு இல்லை, லாபக் கணக்கு முடித்துத் தருவதை நண்பர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

போடுவது என்று முடிவெடுத்தால், பூஜை மாதத்தில் போடாதீர்கள். ஒன்பதாவது மாதத்தில், படப்பிடிப்பு முடிந்து முதல் எடிட் பார்க்கக் கிடைக்கும்போது போடுகிறேன் என்று சொல்லுங்கள். அப்போது கால்ஷீட் ஆபத்து முடிந்திருக்கும், ஒன்பது மாத வட்டி மிச்சம், படம் எப்படி வந்திருக்கிறது என்றும் தெரியும். நண்பர் மறுத்து இப்போதே வேண்டும் என்றால், படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதில் எல்லா உரிமைப் பணமும் வர வேண்டும் என்ற நிபந்தனை, ஓடிடியின் இரண்டாவது தவணையான 1.5 கோடியிலிருந்து உங்கள் அசல் முதலில் எடுக்கப்படும் என்ற எழுத்து, அந்த எழுத்தில் ஃபைனான்சியர், விநியோகஸ்தர் இருவரின் கையெழுத்து ஆகியவற்றைக் கேளுங்கள். ஃபைனான்சியரின் கையெழுத்துதான் கடினமானது. அவர் ஏற்கெனவே ஓடிடி உரிமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருந்தால் போடமாட்டார், உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமும் அதுவே.